'ஃபிளைட் கிளம்பிடுச்சு... இனி நீங்க கிளம்பலாம்ண்ணே!' - ஏர்போர்ட்டுக்கு வண்டி சொல்லும்போது கவனிக்க வேண்டியவை

"சனிக்கிழமை ராத்திரி மூணு மணிக்கு ஃபிளைட் வருதுண்ணே. சென்னை ஏர்போர்ட்டுக்கு வந்துடுங்க."

"சரிங்கக்கா, வந்துடறேன்."

ஏர்போர்ட் பிக்கப்புக்கு வண்டி சொல்லும் பலரும் இந்த இரண்டு வரியோடு போனை வைத்துவிடுகிறார்கள். ஆனால், இதில் ஒரு முழு நாளே தவறிப்போகலாம். டிக்கெட்டில் இருப்பது சனிக்கிழமை அதிகாலை 3.10. அதாவது, டிரைவர் வெள்ளிக்கிழமை இரவே கிளம்ப வேண்டும். 'சனிக்கிழமை ராத்திரி' என்று கேட்டவரோ, சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் சாவியை எடுப்பார்.

அதனால், "வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டி எடுக்கணும், சனிக்கிழமை விடியறதுக்குள்ள அங்க இருக்கணும்" என்று சொல்வதுதான் பாதுகாப்பு. தேதியையும் விமான எண்ணையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். 'சரி' என்ற பதில் போதாது. "எந்த நாள், எத்தனை மணிக்கு எடுக்கிறீங்க?" என்று அவர் வாயாலேயே ஒருமுறை சொல்ல வைத்துவிடுங்கள்.

வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

விழுப்புரத்தில் இருக்கும் ஓர் அக்கா, துபாயிலிருந்து வரும் தம்பி குடும்பத்துக்காக வண்டி சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். துபாயில் விமானம் புறப்படுவது வெள்ளி இரவு 9.40. அங்கே நேரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் என்பதால், நம் கடிகாரத்தில் அது 11.10. பயணம் சுமார் நான்கு மணி நேரம். சென்னையில் தரையிறங்கும்போது 3.10.

தரையிறங்கியதும் யாரும் வாசலுக்கு வந்துவிட மாட்டார்கள். இமிக்ரேஷன் வரிசை, பெட்டி, கஸ்டம்ஸ் எல்லாம் முடிய ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். ஆக, தம்பி வெளியே வர 4.10 ஆகும். விழுப்புரத்திலிருந்து ஏர்போர்ட்டுக்கு மூன்று மணி நேரம் என்றால், வண்டி ஒரு மணிக்குக் கிளம்பினால் போதும்.

இந்தக் கணக்கில் ஒரு வசதி இருக்கிறது. வண்டி எடுப்பதற்குக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் முன்பே விமானம் துபாயை விட்டுப் புறப்பட்டிருக்க வேண்டும். எனவே, இரவு 11.30-க்கு விமான நிறுவனத்தின் ஆப்பில் 'Departed' என்று வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு டிரைவரை அழைக்கலாம். விமானம் நகரத் தொடங்கும்போது தம்பியும் ஒரு மெசேஜ் தட்டிவிட்டால் சந்தேகமே இல்லை.

தாமதமானால் என்ன செய்வது?

விமானம் இரண்டு மணி நேரம் தாமதம் என்றால், வண்டியும் அதே இரண்டு மணி நேரம் தள்ளி, மூன்று மணிக்குக் கிளம்பட்டும். தரையில் நிற்கும் விமானத்துக்கு ஆப்பில் காட்டும் நேரம் திரும்பத் திரும்ப மாறலாம். அதை நம்பி டிரைவரைக் கிளப்பிவிட வேண்டாம். புறப்பட்ட நேரம் தெரிந்த பிறகு கணக்குப் போடுங்கள்.

இது டிரைவரின் தூக்கம் சம்பந்தப்பட்ட விஷயமும்கூட. ஏர்போர்ட் வாசலில் இரண்டு மணி நேரம் கண்விழித்துக் காத்திருந்தவர்தான், குழந்தைகள் பின்சீட்டில் தூங்க, விடியற்காலையில் மூன்று மணி நேரம் ஜி.எஸ்.டி. சாலையில் வண்டியோட்ட வேண்டும். அந்த இரண்டு மணி நேரத்தை அவர் வீட்டில் படுத்திருந்தால் எல்லோருக்கும் நல்லது. "வெள்ளிக்கிழமை பகல்ல வேற சவாரி இருக்காண்ணே?" என்று முன்கூட்டியே கேளுங்கள். பகல் முழுக்க ஓட்டியவர் என்றால் வேறு டிரைவரை அனுப்பச் சொல்லலாம்.

வண்டி பாதி வழியில் இருக்கும்போது சிக்கல் வருவதும் உண்டு. சென்னையில் பெருமழை என்றால் விமானத்தைப் பெங்களூருக்குத் திருப்பி விடுவார்கள். மழை விட்டதும் திரும்பி வரும் என்றாலும் காத்திருப்பு நீளும். அப்போது வெயிட்டிங் சார்ஜ் மணிக்கு எவ்வளவு, எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு அது தொடங்கும், நைட் பேட்டா தனியா, விமானம் ரத்தானால் எவ்வளவு தர வேண்டும் என்பதை வண்டி பேசும்போதே கேட்டு, அதையும் வாட்ஸ்அப்பில் எழுதிவிடுங்கள். அதிகாலை நான்கு மணிக்கு வாசலில் நின்று பேரம் பேச வேண்டியிருக்காது.

கடைசியாக ஒரு போன்

வருகை வாசலில் வண்டியை நிறுத்திவைத்துக் காத்திருக்க விடமாட்டார்கள். டிரைவர் சற்றுத் தள்ளி நிற்கட்டும். பெட்டியெல்லாம் கைக்கு வந்த பிறகு தம்பி அழைத்தால், அவர் உள்ளே வரலாம். ஆனால், ரோமிங் இல்லாத துபாய் சிம் இங்கே வேலை செய்யாது. அதனால் டிரைவரின் பெயர், போன் நம்பர், வண்டி எண், சந்திக்கும் இடம் நான்கையும் தம்பி விமானம் ஏறும் முன்பே அனுப்பிவிடுங்கள். போன் வேலை செய்யாவிட்டால், பக்கத்தில் நிற்பவரிடம் போனை வாங்கி அந்த நம்பரை அழைத்துவிடலாம்.