கடைசியாக எழுதியது எது?

வேலையில் இருந்த காலத்தில் பேரேட்டைப் பிரித்தால் கடைசிப் பதிவு எது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. மை எங்கே முடிகிறதோ அதுதான் கடைசி. எக்செல்லுக்கு மாறிய பிறகுதான் இது ஒரு கேள்வி என்றே எனக்குத் தெரிய வந்தது. போன மாதம் டாக்டர் வீட்டு வாசல் வரை அது என்னைத் துரத்தியது.

என் மனைவிக்கு ராத்திரி இன்சுலின் ஊசி. காலையில் வெறும் வயிற்றில் விரலில் குத்திப் பார்த்து, வரும் அளவை லேப்டாப்பில் எழுதி வைப்பது என் வேலை. A கலத்தில் தேதி, டிசம்பர் 31 வரை முன்கூட்டியே இழுத்து நிரப்பி வைத்திருக்கிறேன். B கலத்தில் சர்க்கரை அளவு. ஸ்டிரிப் தீர்ந்த நாள், ஊருக்குப் போன நாள் எல்லாம் காலியாக இருக்கும். மேலே D1 கட்டத்தில் கடைசி அளவு மட்டும் பெரிய எழுத்தில் தெரிய வேண்டும். டாக்டருக்குக் கீழே வரை தள்ளிப் பார்க்க ஏது நேரம்?

அந்த வாரம் தாள் இப்படி இருந்தது. முதல் வரி தலைப்பு, ஜூன் 1 இரண்டாவது வரி.

```
ஜூன் 1   142
ஜூன் 2   138
ஜூன் 3
ஜூன் 4   129
ஜூன் 5
ஜூன் 6   135
ஜூன் 7   131
ஜூன் 8   68 மயக்கம்
```

ஜூன் 9 அன்று டாக்டரிடம் போனோம். D1-ஐப் பார்த்தார். 131. "நல்லா இருக்கு சார், ஊசி இதே அளவு போடுங்க" என்றார். பக்கத்தில் இருந்த மனைவி, "என்னங்க, நேத்துக் காலையில எனக்குத் தலை சுத்துச்சே, அதை எழுதலையா?" என்று கேட்டாள். எழுதியிருந்தேன். எழுதியவன் நான்தான். ஆனால் மேலே அது வரவில்லை. 70-க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். டாக்டர் கீழே தள்ளிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஊசியில் 2 யூனிட் குறைத்தார். எனக்குத்தான் முகம் கொடுக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இதே எட்டு நாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆரம்பத்தில் நான் போட்டிருந்தது பலரும் முதலில் போடும் ஃபார்முலா:

```
=INDEX(B:B,COUNTA(B:B))
```

எத்தனை கட்டத்தில் எழுத்து இருக்கிறதோ அத்தனையாவது வரிக்குப் போ என்பது இதன் பொருள். தலைப்பையும் சேர்த்து நிரம்பிய கட்டங்கள் ஏழு. ஏழாவது வரி ஜூன் 6. விடை 135. இடையில் விட்டுப்போன ஒவ்வொரு நாளும் நம்மை ஒரு வரி பின்னால் தள்ளிவிடும். போய் நிற்கும் இடம் காலிக் கட்டமாக இருந்தால் 0 என்று வரும், அப்போதாவது ஏதோ தப்பு என்று தெரியும். 135 என்று வந்தால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? நாள் தவறாமல் எழுதுகிறவர்களுக்கு மட்டுமே இது சரிப்படும். அப்படிப்பட்டவரை நான் பார்த்ததில்லை.

இதைச் சொன்னபோது என் அக்கா மகன் சில மாதங்களுக்கு முன் வேறொன்று போட்டுக் கொடுத்திருந்தான். "மாமா, இது தப்பவே தப்பாது."

```
=LOOKUP(9.99E+307,B:B)
```

LOOKUP அகராதி புரட்டுவது போலத் தேடும். கலம் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கப்பட்டிருக்கிறது என்று நம்பிக்கொண்டு, பாதியில் திறந்து, தேடுவது பெரியதா என்று பார்த்துப் பின்பாதிக்குப் போகும். நாம் கொடுப்பதோ இந்தக் கலத்தில் வரவே முடியாத ராட்சச எண். ஆகவே பின்னால் பின்னால் போய்க் கடைசி எண்ணில் நிற்கும். இடைவெளி இருந்தாலும் கவலையில்லை. அழகான தந்திரம்தான், மறுக்கவில்லை.

ஆனால் அது எண்களை மட்டுமே பார்க்கும். நான் "68 மயக்கம்" என்று எழுதிய அந்தக் கணமே அது எண் இல்லை, வெறும் எழுத்து. LOOKUP அதைத் தாண்டி 131-க்கு வந்துவிட்டது. எங்கள் தாளில் எண்ணோடு வார்த்தை சேருவது விசேஷமான நாட்களில்தான். அதாவது டாக்டர் பார்த்தே ஆக வேண்டிய நாட்களில். இந்த ஃபார்முலா சரியாக அவற்றைத்தான் ஒளித்து வைக்கிறது.

அக்கா மகன் இன்னமும் ஒத்துக்கொள்ளவில்லை. "கட்டத்துல எண்ணை மட்டும் போடுங்க மாமா, தப்பு உங்க மேல" என்கிறான். தப்பு என் மேல்தான். ஆனால் கைத்தப்பு வரும் என்று தெரிந்த இடத்தில் அதை மறைக்கிற ஃபார்முலாவைவிட, மூஞ்சியில் அடித்தாற்போலக் காட்டுகிற ஃபார்முலாதான் வேண்டும் என்பது என் கட்சி. அது இது:

```
=LOOKUP(2,1/(B2:B1000<>""),B2:B1000)
```

பார்க்கப் பயமாக இருக்கும், விஷயம் எளிது. ஒவ்வொரு கட்டத்தையும் "காலி இல்லையா?" என்று கேட்கிறோம். ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0. ஒன்றை அதனால் வகுக்கிறோம். நிரம்பிய கட்டத்துக்கு 1 கிடைக்கும், காலிக் கட்டத்துக்குப் பூஜ்யத்தால் வகுத்த பிழை. LOOKUP பிழைகளைக் கண்டுகொள்ளாது. மிச்சமிருக்கும் ஒன்றுகளுக்குள் 2-ஐத் தேடச் சொன்னால் கிடைக்காமல் கடைசி ஒன்றில் போய் நிற்கும். எங்கள் தாளில் அது "68 மயக்கம்" என்று அப்படியே கொண்டுவந்து காட்டியது. கூகுள் ஷீட்டில் செய்கிறவர்கள் இதை ARRAYFORMULA( ) என்பதற்குள் வைக்க வேண்டும். புது எக்செல்லில் XLOOKUP-ஐக் கீழிருந்து மேலாகத் தேடச் சொல்லலாம், என் லேப்டாப்பில் அது இல்லை. எதைப் போட்டாலும் B கலத்துக்குள் போடாதீர்கள், தன்னையே தேடிச் சுற்றிக்கொள்ளும்.

இன்னொன்றும் செய்தேன். D2-ல் அந்த அளவின் தேதி:

```
=LOOKUP(2,1/(B2:B1000<>""),A2:A1000)
```

நிபந்தனை B-யில், விடை A-யில். A கலத்திலேயே கடைசியைக் கேட்டால் டிசம்பர் 31 வந்து நிற்கும், அது முன்பே நிரப்பியதாயிற்றே. விடை ஐந்து இலக்க எண்ணாக வந்தால் பயப்பட வேண்டாம், கட்டத்தைத் தேதி வடிவத்துக்கு மாற்றினால் போதும். அன்று D1-க்குக் கீழே "ஜூன் 7" என்று ஒரு வரி இருந்திருந்தால் டாக்டரே "நேற்று பார்க்கலையா?" என்று கேட்டிருப்பார்.

இந்த ஃபார்முலாவும் ஏமாறும். எனக்கு ஒரு கெட்ட பழக்கம், தப்பாக அடித்ததை ஸ்பேஸ் பாரைத் தட்டி அழிப்பது. கண்ணுக்குக் காலி, எக்செல்லுக்கு ஒரு எழுத்து. D1 வெறுமையாகத் தெரிந்தால் இதுதான் காரணம். சந்தேகப்படும் கட்டத்தை =LEN(B10) என்று கேட்டால் 0-க்குப் பதில் 1 சொல்லும். நிபந்தனையை TRIM(B2:B1000)<>"" என்று மாற்றி அந்தத் தொல்லையை ஒழித்தேன்.

மிச்சம் இருப்பது 1000. நாளுக்கு ஒரு வரி என்றால் இரண்டே முக்கால் வருடத்தில் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகும் ஃபார்முலா பிழை எதுவும் காட்டாது, ஆயிரமாவது வரியில் நின்றுகொண்டு பழைய அளவையே சொல்லும். அதனால் எங்கும் 5000 என்று மாற்றிவிட்டேன். அப்போது எனக்கு எண்பதைத் தாண்டியிருக்கும், தாளைப் பேத்தி பார்த்துக்கொள்ளட்டும். குறிப்புக்குத் தனியாக C கலமும் போட்டாயிற்று. 68 ஒரு கட்டத்திலும் மயக்கம் பக்கத்துக் கட்டத்திலும் இருக்கின்றன. மனைவி மட்டும் தினமும் காலையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து D2-ல் இன்றைய தேதிதானா என்று பார்த்துவிட்டுத்தான் காபி தருகிறாள்.