நாளைக் காலை நேர்காணலா?

ஆசிரியருக்கு,

நெல்லையில் படித்து முடித்து வேலை தேடும் பிள்ளைகளுக்குச் சென்னை நிறுவனங்களிலிருந்து செவ்வாய் மாலை அழைப்பு வருகிறது: "நாளைக் காலை 10 மணிக்கு நேரில் வாருங்கள்." 600 கிலோமீட்டருக்கு மேல் பயணம், அன்றிரவு ரயிலின் தட்கல் பதிவோ முந்தைய நாளே தொடங்கியிருக்கும். பலர் பதிலே சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அதுதான் வாய்ப்பைக் கெடுக்கிறது.

உடனே பதில் எழுதினால், அந்த நேரத்தை நிறுவனம் வேறொருவருக்குத் தர முடியும். என் மகளுக்கு நான் எழுதச் சொன்னது இது:

"அழைப்புக்கு நன்றி. இந்தப் பணியில் எனக்கு மிகுந்த விருப்பம் உண்டு. திருநெல்வேலியிலிருந்து நாளைக் காலைக்குள் வந்துசேர இயலாது. வெள்ளி காலை 11 மணிக்கு நேரில் வருகிறேன். அல்லது நாளை மாலை 3 மணிக்கே வீடியோ அழைப்பில் பேசலாம். எது வசதி எனத் தெரிவியுங்கள்."

வெள்ளி என்றதற்குக் காரணம் உண்டு. புதன் காலை தட்கல் எடுத்தால் வியாழன் இரவு ரயில் ஏறலாம். "வேறொரு நாள் கொடுங்கள்" என்று மட்டும் எழுதினால், நாள் தேடும் வேலை அவர்கள் தலையில் விழும். கடிதம் கிடப்பில் போடப்படும். வர இயலாத காரணத்துக்கு ஒரு வரி போதும்.

அரசுத் தேர்வாணைய நேர்காணலுக்கு இது பொருந்தாது. அங்கே குறித்த நாளில் போயாக வேண்டும். தனியார் நிறுவனங்களோ, வெளியூர்ப் பிள்ளைகளுக்கு மூன்று நாள் அவகாசமாவது தர வேண்டும்.

– ஒரு வாசகர், பாளையங்கோட்டை