மூன்று கட்டை

நித்யாவின் குரல் நாலரைக் கட்டை. சரவணனின் குரல் இரண்டு. இருவரையும் சேர்த்து மேடையேற்ற ராஜம் டீச்சர் முடிவு செய்தபோது முதலில் எழுந்த சிக்கலே இதுதான்.

"ரெண்டு பேருக்கும் நடுவுல மூணு. நீ ரெண்டு அரைக்கட்டை ஏறு, அவ ரெண்டு அரைக்கட்டை இறங்கட்டும். கஷ்டத்துல பாதிப் பாதி" என்று சொல்லிவிட்டு டீச்சர் சுருதிப் பெட்டியைத் திருகினார்.

கும்பகோணத்தில் டீச்சர் வீட்டு ரேழிதான் வகுப்பு. சனி, ஞாயிறு மாலைகளில் குழந்தைகள் சரளி வரிசை முடித்துப் போன பிறகு பெரியவர்கள் வருவார்கள். நித்யா கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறாள். சரவணன் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். மூன்று வருஷமாக ஒரே பாயில் உட்கார்ந்து பாடுகிறார்கள். தெருக்கோடிப் பிள்ளையார் கோயில் நவராத்திரியில் ஆறாம் நாள் நாற்பத்தைந்து நிமிடக் கச்சேரி. அதில் பிரதானம் மோகனம்.

கீர்த்தனை ஒரு வாரத்தில் படிந்துவிட்டது. ஸ்வரம்தான் படியவில்லை.

ஆதி தாளத்தில் ஆளுக்கு இரண்டு ஆவர்த்தனம் பாட வேண்டும். பிறகு ஒன்று, அப்புறம் அரை, கால் என்று குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு தட்டுக்கு நான்கே ஸ்வரம். ஒவ்வொருவரும் காந்தாரத்தில் வந்து நிற்க, மற்றவர் அங்கிருந்து எடுப்பார். இந்த இடத்தில் சரவணனுக்கு ஒரு பழக்கம் உண்டு. நித்யா எந்தப் பிடியில் முடித்தாளோ, அதையே தன் ஆரம்பமாக வைத்துக்கொள்வான். அவள் 'த ப க' என்று முடித்தால் அவன் அங்கிருந்துதான் கிளம்புவான். கேட்டால்தான் அப்படிப் பாட முடியும். அடுத்து தான் என்ன பாடுவது என்று யோசித்துக்கொண்டிருப்பவனால் முடியாது.

'பாட்டுக்காகக் கேட்கிறாரா, நான் பாடுவதால் கேட்கிறாரா?' பஸ்ஸில் வீடு திரும்பும்போது நித்யா இதைத்தான் நினைத்துக்கொள்வாள்.

குறைப்பு முடிந்ததும் இருவரும் சேர்ந்து ஒரு கோர்வை. எட்டு ஸ்வரம், நாலு இடைவெளி, மறுபடி எட்டு, நாலு இடைவெளி, கடைசியாக எட்டு. ஆக முப்பத்திரண்டு, சரியாக ஒரு ஆவர்த்தனம். பாடும் எட்டுகளைவிட அந்தச் சும்மா இருக்கும் நாலுகள்தான் ஆபத்து. தொடையில் தாளம் போட்டாலும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் எடுக்க அது மட்டும் போதாது. முகத்தைப் பார்க்க வேண்டும். ஒருவர் மூச்சை இழுப்பதை மற்றவர் பார்த்துவிட்டால் இரண்டு குரலும் ஒன்றாக விழும். பார்க்காவிட்டால் யாராவது ஒருவர் முந்திவிடுவார்.

முதல் மூன்று வாரம் அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். கோர்வை கத்தி வைத்த மாதிரி விழுந்தது.

நாலாவது வாரம் டீச்சரின் கைபேசிக்கு நித்யாவின் அம்மா பேசினார். டீச்சர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார், காது மந்தம்.

"டீச்சர், நவராத்திரி முடிஞ்சதும் சென்னைக்காரங்க பொண்ணு பார்க்க வராங்க. பையனும் நல்லாப் பாடுவாராம். அந்த வாரம் நித்யா கிளாஸுக்கு வரமாட்டா."

நித்யா அன்று இன்னும் வந்து சேரவில்லை. சரவணன் பாயில் உட்கார்ந்திருந்தான்.

அன்றிலிருந்து அவன் கோர்வை இடைவெளியில் தன் தொடையைப் பார்க்க ஆரம்பித்தான். அவள் முடித்த பிடியை எடுப்பதையும் விட்டான். வீட்டில் எழுதி வைத்துக்கொண்டு வந்த ஸ்வரங்களை வரிசையாகப் பாடினான். கணக்கில் ஒரு பிசகும் இல்லை. ஆனால் இரண்டு பேர் பேசிக்கொள்வது போல இருந்தது போய், இரண்டு பேர் அடுத்தடுத்துப் பாடம் ஒப்பிப்பது போல ஆகிவிட்டது. கோர்வையில் நித்யா ஒரு மயிரிழை முந்தினாள்.

"என்னடி அவசரம்?" என்றார் டீச்சர்.

"சாரி டீச்சர்."

அவசரம் இல்லை. அவன் பார்ப்பான் என்று காத்திருந்து, பார்க்காததால் பயத்தில் எடுத்துவிட்டாள். மூன்று வருஷத்தில் எப்போதாவது ஒரு வார்த்தை சொல்வான், அப்புறம் அம்மாவிடம் பேசிக்கொள்ளலாம் என்று அவள் இருந்தாள். இப்போது என்ன நினைப்பது?

அடுத்த வாரம் கரண்ட் போனது. சுருதிப் பெட்டி நின்றுவிட, "உங்க போன்ல ஆப் இருக்குல்ல, நான் போடறேன்" என்று அவள் அவன் கைபேசியை வாங்கினாள். தம்புரா செயலியைத் திறந்ததும் திரையில் 'F' என்று நின்றது. நாலு கட்டை.

அவள் அதை 'E'க்கு மாற்றிவிட்டுப் பேசாமல் பாடினாள். இரண்டு கட்டைக்காரர் வீட்டில் நாலு கட்டையில் எதற்குச் சாதகம் செய்ய வேண்டும்? நாலு என்பது பெண் குரலுக்குத் தோதான சுருதி. வேறு யாரோடு பாடுகிறார்? போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண்ணின் குரல் என்ன கட்டை என்று யோசித்து, தனக்கே வெட்கமாகி நிறுத்திக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சரவணன் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டான். வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே நித்யா தனியாகப் பாடுவது கேட்டது. மோகனம்தான். ஆனால் சுருதி மூன்று இல்லை. ஓர் அரைக்கட்டை கீழே, இரண்டரை. மந்திர ஸ்தாயியில் அவள் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போலத் தேய்ந்தது. அப்படியும் விடாமல் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தாள். இரண்டரை ஆண் குரலுக்கு ஏற்றது. 'பையனும் நல்லாப் பாடுவாராம்.' சரவணன் செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்து, ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தான்.

கச்சேரிக்கு முந்தைய சனிக்கிழமை கடைசி ஒத்திகை. வயலின், மிருதங்கம் வாசிக்கும் பையன்களும் வந்திருந்தார்கள். மேல் பஞ்சமத்தில் சரவணனின் குரல் வெறும் காற்றாகப் போனது. கீழ்ப் பஞ்சமத்தில் நித்யாவின் குரல் கேட்கவே இல்லை. கோர்வையில் இருவரும் தடுக்கி விழுந்தார்கள். மிருதங்கப் பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தான்.

டீச்சர் தாளத்தை நிறுத்தினார்.

"சரவணா, போன வாரம் என்கிட்ட வந்து என்ன கேட்ட?"

"டீச்சர்... அது..."

"சுருதியை ஏத்தணும்னு கேட்டியா இல்லியா? அதுவும் மூணரை வெச்சுக்கலாமான்னு கேட்டான். மூணரைன்னு ஒண்ணு கிடையாதுடா. ஆர்மோனியத்தைப் பாரு, மூணுக்கும் நாலுக்கும் நடுவுல கறுப்புக் கட்டையே இல்ல. அப்ப நாலே போட்டுடுங்க, நான் வீட்ல பழகிட்டு வரேன்னான். எதுக்குன்னா, நித்யா கீழ ரொம்பச் சிரமப்படறாங்களாம்."

நித்யா நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ என்னடி பார்க்கற? நீ என்ன கேட்ட? ரெண்டரைக்கு இறக்குங்க டீச்சர், அவருக்கு மேல எட்டாம தொண்டை கட்டிக்கறது, நான் பழகிக்கறேன்னியா இல்லியா? ஒருத்தன் ஏத்துங்கறான், ஒருத்தி இறக்குங்கறா. ரெண்டு பேரையும் கேட்டிருந்தா ரெண்டு தொண்டையும் போயிருக்கும். அதான் முடியாதுன்னேன்."

சரவணனின் காது சிவந்துவிட்டது. கடைசியாக அவன் அப்படிச் சிவந்தது பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் முன்னால் பலகையில் தப்பாகக் கூட்டியபோதுதான்.

டீச்சர் குரலை இறக்கினார். "சுருதி மூணுதான். மாத்த வேண்டியது சுருதியை இல்ல, பங்கை. மேல ரிஷபத்தைத் தாண்டினா அது நித்யாவோடது. சரவணா, நீ ஷட்ஜத்துல நின்னு கார்வை குடு. கீழ பஞ்சமத்துக்கு இறங்கினா அது உன்னோடது, அவ ஷட்ஜத்தைப் பிடிச்சுக்கட்டும். எட்டாத இடத்துக்கு ரெண்டு பேரும் போக வேண்டாம். சரி, கோர்வை பாடுங்கோ. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துப் பாடுங்கோ, கடன்காரங்க மாதிரி தரையைப் பார்க்காம."

எட்டு. இடைவெளியில் சரவணன் நிமிர்ந்தான். எட்டு. அடுத்த இடைவெளியில் நித்யா மூச்சிழுப்பது அவனுக்குத் தெரிந்தது. கடைசி எட்டு இரண்டு குரலில் ஒரே வெட்டாக விழுந்தது. மிருதங்கப் பையன் 'சபாஷ்' என்று தன் பங்குக்குச் சொல்லிக்கொண்டான்.

ஆறாம் நாள் கோயிலில் பெரிய கூட்டமில்லை. சுண்டல் கொடுப்பதற்கு முன்னால் இருந்தவர்கள் ஐம்பது பேர் இருக்கலாம். மைக் கொஞ்சம் கீச்சிட்டது. மோகனத்தில் டீச்சர் சொன்னபடியே மேலே அவள் போனாள், கீழே அவன் இறங்கினான். குறைப்பில் நித்யா முடித்த பிடியை மறுபடி சரவணன் எடுத்தான். ஒரு தட்டுக்கு நாலு ஸ்வரம் என்று வந்தபோது, இந்த முறை அவன் முடித்த நாலையே அவள் திருப்பிப் பாடினாள். அவன் சிரித்துவிட்டதில் அவனுடைய அடுத்த நாலில் ஒன்று விழுங்கப்பட்டது. முன்வரிசையில் டீச்சர் மட்டும் புருவத்தைத் தூக்கினார்.

கச்சேரி முடிந்து ஜமக்காளத்தைச் சுருட்டும்போது சரவணன் கேட்டான்.

"அடுத்த வாரம் கிளாஸுக்கு வரமாட்டீங்கன்னு அம்மா சொன்னாங்களே?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"டீச்சர் ஸ்பீக்கர்ல..."

"ஓ. அதான் தொடையைப் பார்த்துப் பாடினீங்களா?"

அவன் ஜமக்காளத்தின் முனையை மறுபடி ஒருமுறை மடித்தான். ஏற்கெனவே மடித்த முனைதான்.

"சென்னைக்காரர் நல்லாப் பாடுவாராமே" என்றான்.

"பாடட்டும்." நித்யா தொன்னைச் சுண்டலில் பாதியை அவன் கையில் கொட்டினாள். "வரவேண்டாம்னு சொல்லணும்னா, அம்மாவுக்கு நான் ஒரு காரணம் சொல்லணும். சுருதி சேரலன்னு மட்டும் சொன்னா ஒத்துக்கமாட்டாங்க."

"வேற என்ன சொல்லணும்?"

"அதை நீங்கதான் சொல்லணும். எங்கம்மா ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு மேல வீட்லதான் இருப்பாங்க."

சரவணன் ஜமக்காளத்தைத் தோளில் போட்டுக்கொண்டான். "ஒன்பதரைக்கே வந்துடவா?"

"முந்தாதீங்க" என்றாள் நித்யா. "பத்துக்கு வாங்க, போதும்."