கிளிப்பைத் தள்ளு, செல்லை நெம்பாதே!

கம்ப்யூட்டர் தேதியைத் தப்பாகக் காட்டினால் அதற்கு என்ன வைத்தியம் என்று நம்மூரில் எல்லோருக்கும் தெரியும். "பேட்டரி போயிடுச்சு, மாத்திடு." ரொம்பச் சரி. எப்படி மாற்றுவது என்று கேட்டால் அதற்கும் உடனே பதில் வரும். "சின்ன ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டு நெம்பு, துள்ளி வந்துடும்." வம்பே இந்த இரண்டாவது பதிலில்தான் இருக்கிறது. செல் துள்ளி வருவது உண்மை. கூடவே கிளிப்பும் வளைந்து போகிறதே, அதை யாரும் சொல்வதில்லை.

ஈ.சி.ஆரில் மரக்காணம் தாண்டிப் புதுச்சேரி போகிற வழியில் கீழ்புத்துப்பட்டு வரும். கிழக்கே கடல், வடக்கே மரக்காணத்து உப்பளங்கள். அந்த ஊரில் ஒரு வீடு, அதில் பத்து வயதான ஒரு டெஸ்க்டாப் என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டுப் பையன் கல்லூரி விண்ணப்பம் போட உட்காருகிறான். கம்ப்யூட்டரைப் போட்டதும் `CMOS checksum error - Defaults loaded` என்று வருகிறது. தேதி பத்து வருடம் பின்னால் போயிருக்கிறது. குரோமைத் திறந்தால் `NET::ERR_CERT_DATE_INVALID`. விண்ணப்பப் பக்கத்துக்குள் போகவே முடியவில்லை. கடைக்குப் போய் சி.ஆர்.2032 செல் ஒன்று வாங்கி வருகிறான். பழைய செல் இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணன் ஸ்க்ரூடிரைவரோடு வந்து நெம்புகிறார். புது செல் உள்ளே போகிறது, தேதியும் நிற்கிறது. எல்லோருக்கும் சந்தோஷம்.

மூன்றாம் நாள் மறுபடி அதே எரர். "போர்டு போச்சு" என்று தீர்ப்பு வருகிறது.

போர்டு போகவில்லை. கிளிப்தான் வளைந்திருக்கிறது. அப்படியானால் முதல் இரண்டு நாள் ஏன் வேலை செய்தது? சுவரில் ஸ்விட்ச் ஆன் ஆக இருந்தது, அவ்வளவுதான். கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்தாலும் பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை கடிகாரத்துக்குத் தேவையான மின்சாரம் பவர் சப்ளையிலிருந்தே வந்துவிடும். செல்லுக்கு வேலையே இல்லை. மூன்றாம் நாள் அம்மா ஸ்விட்சை அணைத்தபோதுதான் செல்லின் தொடர்பு அறுந்திருப்பது வெளியே தெரிந்தது.

இந்த அணைக்கிற பழக்கத்தால் நம் வீடுகளில் செல்லும் சீக்கிரம் தீர்ந்துபோகிறது. கணக்கு எளிது. செல்லில் பயன்படக்கூடியது 170 மில்லி ஆம்பியர் மணி, கடிகாரம் இழுப்பது 5 மைக்ரோ ஆம்பியர் என்று வைத்தால் 34,000 மணி நேரம் வரும். நான்கு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, ஒரு போர்டின் ஆயுளில் இரண்டு மூன்று தடவை செல்லைக் கழற்றியே ஆக வேண்டும். முதல் தடவையே கிளிப்பைக் கெடுத்துவிட்டால் அடுத்த தடவைக்கு என்ன மிஞ்சும்?

செல் ஏன் அவ்வளவு இறுக்கமாக இருக்கிறது? அது அப்படித்தான் இருக்க வேண்டும், அந்த இறுக்கம்தான் மின் தொடர்பு. கடலோரத்தில் இன்னொரு காரணமும் சேர்கிறது. காற்றில் வரும் உப்பு தூசியோடு சேர்ந்து உள்ளே படிகிறது. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். கிளிப்பும் செல்லும் தொடும் இடத்தில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்து, இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அங்கே போய் பலத்தைக் காட்டினால் ஒட்டு விடுவதற்கு முன் கிளிப் வளையும்.

ஹோல்டரை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தால் நெம்ப வேண்டிய அவசியமே இல்லை என்பது புரியும். பெரும்பாலான போர்டுகளில் அது ஒரு வட்டமான பிளாஸ்டிக் கிண்ணம். ஒரு ஓரத்தில் வளைந்து கொடுக்கும் சின்ன உலோக நாக்கு, அதுதான் கிளிப். எதிர் ஓரத்தில் அசையாத பிளாஸ்டிக் பற்கள். அடியில் ஒரு ஸ்பிரிங் தகடு செல்லை எப்போதும் மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறது. கிளிப் விலகினால் போதும், செல்லைத் தூக்கிவிடும் வேலையை அந்தத் தகடே பார்த்துக்கொள்ளும்.

அதனால் செய்ய வேண்டியது இவ்வளவுதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி, கேபினெட்டின் உலோகத்தை ஒரு முறை தொட வேண்டும். பூத்திருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால் கிளிப் ஓரத்தைத் துடைத்துச் சில நிமிடம் விட வேண்டும். பிறகு ஒரு பல்குச்சியின் நுனியைக் கிளிப்பின் தலையில் வைத்து, செல்லை விட்டு வெளிப்பக்கமாக ஒரு மில்லிமீட்டர் போலத் தள்ள வேண்டும். அதற்கு மேல் தள்ளினால் உலோகம் பழைய இடத்துக்குத் திரும்பாது. அந்தப் பக்கத்து விளிம்பு எழும்பியதும் செல்லைச் சாய்வாகப் பிடித்து, பற்களுக்கு அடியிலிருந்து உருவிவிடலாம். புதியதைப் போடும்போது எழுத்துள்ள பக்கம் மேலே இருக்க வேண்டும். முதலில் பற்களுக்கு அடியில் செருகி, பிறகு கிளிப் பக்கம் அமுக்கினால் 'டிக்' என்று உட்காரும்.

"எல்லா ஹோல்டரிலும் கிளிப் இருக்காதே" என்பார்கள். உண்மைதான். சிலவற்றில் தள்ளும் நாக்கு கிடையாது, செல்லின் மேல் பாலம் போல ஒரு தகடு போகும். அங்கே மேலே தூக்குவது இன்னும் பெரிய தப்பு, பாலமே நிமிர்ந்துவிடும். பின்பக்கத்து இடைவெளியில் குச்சியை விட்டு, திறந்திருக்கும் பக்கமாகச் செல்லைக் கிடைமட்டமாகத் தள்ள வேண்டும். "இருபது வருஷமா ஸ்க்ரூடிரைவர்லதான் எடுக்கறோம்" என்பார்கள். எடுத்த பிறகு தொடர்பு சரியாக இருக்கிறதா என்று எத்தனை பேர் பார்த்தார்கள்? அதுவும் செல்லின் மேற்பரப்பும் பக்கச் சுவரும் பாசிட்டிவ். அதை இரும்பு முனையால் நோண்டினால் ஷார்ட் ஆகலாம், வழுக்கினால் பக்கத்து மின்கோடுகள் கீறப்படலாம்.

பார்ப்பதற்கு ஒரு மல்டிமீட்டர் போதும். பிளக் பிடுங்கியே இருக்கட்டும். கறுப்பு முனையைக் கேபினெட்டின் பெயிண்ட் இல்லாத உலோகத்தில் வைத்து, சிவப்பு முனையால் கிளிப்பை மெதுவாகத் தொட வேண்டும். செல்லைத் தொட்டால் 3 வோல்ட் காட்டிவிடும், விஷயம் கிளிப் வரை வந்ததா என்பது தெரியாது. அழுத்தினாலும் கிளிப் செல்லோடு ஒட்டி நம்மை ஏமாற்றும். செல்லில் 3 இருந்து கிளிப்பில் பூஜ்யமோ ஆடும் எண்ணோ வந்தால் குற்றவாளி கிளிப்தான்.

அப்படி வளைந்திருந்தால் செல்லை எடுத்துவிட்டு, கிளிப்பைக் குச்சியால் உள்பக்கமாக ஒரே ஒரு தடவை, கொஞ்சமாகத் தள்ளிப் பார்க்கலாம். மாறி மாறி வளைத்தால் ஒடிந்துவிடும். சாக்லேட் பேப்பரை மடித்துச் செருகும் வித்தை வேண்டவே வேண்டாம், அது நழுவினால் ஷார்ட். ஒடிந்துவிட்டாலும் ஹோல்டரை மட்டும் மாற்றிச் சால்டர் செய்யக் கடையில் கேட்கலாம். போர்டையே மாற்றத் தேவையில்லை.

கடைசியாக, தேதியைச் சரிசெய்து ஸ்விட்சை அணைத்து ஒரு இரவு விட்டுவிட வேண்டும். காலையில் மணி சரியாக இருந்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். பக்கத்து வீட்டு அண்ணன் அந்த ஒரு இரவு பொறுத்திருந்தால், போர்டு போச்சு என்ற பேச்சே வந்திருக்காது.