‘மென்மையான மாற்று’ என்னும் சொற்றொடர் மறைப்பது என்ன?

கரிம வேதியியல் பாடங்களில் இனமின் வழி ஆல்கைலேற்றம் பெரும்பாலும் ஒரே வரியில் அறிமுகமாகிறது: ‘கீட்டோனின் இனோலேட்டை நேரடியாக ஆல்கைலேற்றம் செய்வதற்கு இது ஒரு மென்மையான மாற்று.’ வரியில் பிழையில்லை. ஆனால் எதில் மென்மை, எதற்கு மாற்று என்ற இரு கேள்விகளையும் அது விழுங்கிவிடுகிறது. அதன் விளைவாக, சைக்ளோஹெக்சனோனில் மெத்தில் தொகுதியைச் சேர்க்கும் வினாவுக்குப் பைரோலிடின், மெத்தில் அயோடைடு, நீர் என மூன்று அம்புக்குறிகளை வரைந்து மாணவர் நிறைவடைகிறார். ஆய்வகத்தில் அந்த விடை பெரும்பாலும் ஏமாற்றமே தரும்.

முதலில் மென்மை. சைக்ளோஹெக்சனோனைப் பொட்டாசியம் மூவிணைய பியூட்டாக்சைடு போன்ற காரத்தோடு சேர்த்து மெத்தில் அயோடைடை ஊற்றினால், உருவாகும் ஒற்றை மெத்தில் கீட்டோன் அங்கேயே நின்றுவிடுவதில்லை. எஞ்சியுள்ள இனோலேட் அதனிடமிருந்தும் புரோட்டானைப் பறிக்கிறது. ஆகவே இரட்டை, மும்மை ஆல்கைலேற்றம் தொடர்கிறது. கீட்டோன் தன்னோடு தானே ஆல்டால் வினையில் ஈடுபடுவது மற்றொரு இடர். -78 °C வெப்பநிலையில் லித்தியம் டைஐசோபுரொபைலமைடைப் பயன்படுத்தினால் இவை பெரிதும் அடங்கும். ஆனால் அதற்கு உலர்ந்த கரைப்பானும் பியூட்டைல் லித்தியமும் வேண்டும்.

1954-இல் கில்பர்ட் ஸ்டார்க்கும் அவருடைய உடனாய்வாளர்களும் வெளியிட்ட வழி, வன்காரத்தையே தவிர்த்தது. 9.8 கிராம் சைக்ளோஹெக்சனோனை (0.1 மோல்) சற்று மிகுதியான பைரோலிடினோடும் சிறிதளவு டொலுவீன் சல்ஃபோனிக் அமிலத்தோடும் டொலுவீனில் கொதிக்க வைத்து, வெளியேறும் நீரை டீன்–ஸ்டார்க் குழாயில் சேகரிக்க வேண்டும். 1.8 மி.லி. நீர் சேர்ந்தால் வினை முடிந்ததாகக் கொள்ளலாம். பைரோலிடினும் அந்நீரில் கரைந்து வருவதால் அளவு சற்றுக் கூடித் தோன்றக்கூடும். எனவே நீர்மட்டம் மேலும் உயராமல் நிற்பதே நம்பத்தக்க அடையாளம். டொலுவீனின் கொதிநிலை ஏறத்தாழ 110 °C என்பதை நினைவில் கொண்டால், இம்முறையின் மென்மை வெப்பநிலையில் இல்லை, காரத்தன்மையில்தான் இருக்கிறது என்பது விளங்கும்.

அடுத்து, எதற்கு மாற்று என்ற கேள்வி. இனமினுக்கு இரண்டு கருக்கவர் முனைகள் உண்டு: ஒன்று கார்பன், மற்றொன்று நைட்ரஜன். மெத்தில் அயோடைடு நைட்ரஜனைத் தாக்கினால் நான்கிணைய அம்மோனியம் உப்பு உருவாகிறது. அந்தப் பிணைப்பு எளிதில் மீளாது. அவ்வளவு இனமினும் வீண். நீர் சேர்த்துப் பிரிக்கும்போது உப்பு நீரடுக்குக்குச் சென்றுவிட, கரிம அடுக்கில் எதிர்பார்த்த விளைபொருள் சொற்பமாகவே கிடைக்கும்.

அதே இனமினோடு மெத்தில் அக்ரிலேட்டைச் சேர்த்துச் சூடாக்கினால் கதை மாறுகிறது. இங்கும் நைட்ரஜன் தாக்கலாம்; ஆனால் அந்தத் தாக்குதல் மீள்தன்மையுடையது. சேர்ந்தது பிரிந்து மீண்டும் இனமினாகிறது. கார்பன் வழிச் சேர்க்கையோ புரோட்டான் இடமாற்றத்தால் நிலைபெற்றுவிடுகிறது. ஆகவே இறுதியில் கார்பனே வெல்கிறது. நீராற்பகுத்தால், கார்பனைல் தொகுதிக்கு அடுத்த கார்பனில் ஒரே ஒரு புரொபனோயேட் கிளையைத் தாங்கிய கீட்டோன் கைக்கு வரும். வன்காரம் இல்லாததால் எஸ்டர் தொகுதியும் சேதமின்றித் தப்புகிறது. அல்லைல் புரோமைடு, பென்சைல் புரோமைடு, ஆல்ஃபா-புரோமோ எஸ்டர்கள் ஆகிய வினைத்திறன் மிக்க ஹாலைடுகளும் பயனுள்ள அளவில் கார்பன் வழி விளைபொருளைத் தருகின்றன. இவற்றில் முதலில் உருவாவது இமினியம் உப்பு. அது கருக்கவர் பொருள் அன்று. ஆதலால் இரண்டாம் ஆல்கைலேற்றம் பெரிதும் தடைபடுகிறது.

ஆக, இனமின் முறை இனோலேட்டின் இளைய வடிவம் அன்று. வேறொரு வகை எலக்ட்ரான் கவர் காரணிகளுக்கு உரிய கருவி. எளிய ஆல்கைல் ஹாலைடுகளுக்கு ஸ்டார்க்கே வேறு வழி தேடினார் என்பது இதற்குச் சான்று. 1963-இல் அவரும் டௌடும் இமினைக் கிரிக்னார்டு காரணியால் மக்னீசிய உப்பாக்கி ஆல்கைலேற்றம் செய்தனர். நைட்ரஜன் வழி விபத்து அங்கே பெரும்பாலும் தவிர்க்கப்பட்டது. ஆனால் அதற்கு விலையாக வன்காரம் திரும்ப வந்தது.

‘மென்மையான’ என்பது ஒப்பீட்டுச் சொல். எதனோடு, எந்த வகையில் ஒப்பிடப்படுகிறது என்பதைச் சொல்லாத வரை அதில் பொருள் முழுமை பெறாது. வகுப்பறையில் அந்த வரியை நீக்க வேண்டியதில்லை. ஒரே கீட்டோனை மெத்தில் அயோடைடோடும் மெத்தில் அக்ரிலேட்டோடும் அருகருகே வைத்து, எதற்கு எந்த வழி, ஏன் என்று கேட்டாலே போதும். நைட்ரஜனின் தாக்குதல் மீளுமா, மீளாதா என்று மாணவர் சிந்திக்கத் தொடங்கும் இடத்தில்தான் இவ்வினை உண்மையில் கற்பிக்கப்படுகிறது.