ஓர் ஊற்றும் 24 ஹோஸும்

தை பிறந்து மழை விட்டதும் நம் லயங்களில் தண்ணீர்ச் சண்டை தொடங்கிவிடும். மேல் லயத்தார் திருடுகிறார்கள் என்று கீழ் லயம் சொல்லும். கீழ் லயத்தார் இரவில் வந்து ஹோஸைப் பிடுங்கிவிட்டார்கள் என்று மேல் லயம் சொல்லும். நாங்களும் அப்படிச் சண்டை பிடித்தவர்கள்தான். அதிலிருந்து எப்படி மீண்டோம் என்பதை மற்றத் தோட்டங்களுக்கும் சொல்ல நினைக்கிறோம்.

எங்கள் டிவிஷனில் இரண்டு லயம், 24 வீடு. மலைக்கு மேலே ஒரே ஊற்று. அந்தக் குழிக்குள் வீட்டுக்கு ஒன்றாக 24 கறுப்பு ஹோஸ் கிடந்தது. மழைக் காலத்தில் எல்லாவற்றிலும் தண்ணீர் வந்தது. மாசியில் குழி வற்றத் தொடங்கினால், வாய் உயரத்தில் இருக்கும் ஹோஸ் முதலில் காற்று வாங்கும். அந்த வீட்டுக்காரர் போய்க் கல்லைக் கட்டி அதை ஆழத்தில் இறக்குவார். அடுத்த ஹோஸ் காயும்; அவரும் இறக்குவார். கடைசியில் எல்லாருக்கும் சேறுதான் வந்தது.

இதில் இன்னொன்றும் இருந்தது. பீப்பா நிறைந்து கானில் ஓடினாலும் யாரும் ஹோஸை மூடவில்லை. மூடினால் நம் தண்ணீர் அடுத்த வீட்டுக்குப் போய்விடும், பிறகு திரும்பக் கிடைக்காது என்ற பயம். ஆசையை விட அந்தப் பயம்தான் தண்ணீரைக் கூடுதலாக வீணாக்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு லயத்தாரும் சேர்ந்து எல்லா ஹோஸையும் வெளியே எடுத்தோம். ஊற்றுத் தண்ணீர் முழுவதையும் ஒரே பைப்பில் விட்டு, 20 லீற்றர் வாளியை வைத்து நேரம் பார்த்தோம். வாளி நிறைய 2 நிமிடம் 40 செக்கன் ஆனது. கணக்குப் போட்டால் மணிக்கு 450 லீற்றர், ஒரு நாளைக்கு 10,800 லீற்றர். 24 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 450 லீற்றர். இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டா அடித்துக்கொண்டோம் என்று ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

சங்கத்தின் மூலம் நிர்வாகத்திடம் கேட்டு 5,000 லீற்றர் தாங்கி ஒன்றை வைத்தோம். இரவு பத்து மணித்தியாலத்தில் 4,500 லீற்றர் சேரும். விடியற்காலையில் வீட்டுக்கு 9 வாளி, கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பிறகு 10 வாளி. இந்த வாரம் மேல் லயம் முதலில் பிடித்தால் அடுத்த வாரம் கீழ் லயம் முதலில். வால்வைத் திறக்க லயத்துக்கு ஒருவராக இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மட்டும் போய்த் திறக்க முடியாது. வயதானவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள் வீட்டுப் பங்கைப் பக்கத்து வீட்டார் பிடித்து வைப்பார்கள். மரண வீடு என்றால் எல்லார் பங்கிலும் ஒரு வாளி குறையும்.

ஞாயிறுதோறும் மீண்டும் வாளியை வைத்து நேரம் பார்க்கிறோம். பங்குனியில் வாளி நிறைய 5 நிமிடம் ஆனபோது வீட்டுப் பங்கு 12 வாளியாகக் குறைந்தது. எல்லாருக்கும் ஒன்றாகக் குறைந்ததால் யாரும் சண்டைக்கு வரவில்லை.

இது புதிய யோசனை அல்ல. நம் நாட்டின் வறண்ட பகுதிக் குளங்களில் 'பெத்ம' என்றொரு பழைய முறை உண்டு. குளத்தில் தண்ணீர் குறைந்த போகத்தில், எல்லா வயலுக்கும் பாய்ச்சப் பார்க்காமல், குளத்தை ஒட்டிய வயலில் ஒரு பகுதியை மட்டும் விதைப்பார்கள். அந்தப் பகுதியை அந்தப் போகத்துக்கு மட்டும் எல்லா விவசாயிகளுக்கும் பிரித்துக் கொடுப்பார்கள். வாய்க்காலின் கடைசியில் வயல் உள்ளவரும் வெறுங்கையோடு போவதில்லை. பஞ்சத்தையும் சேர்த்துப் பங்கு போடுவதுதான் அந்த முறை. நம் லயங்களுக்கும் அதுவே பொருந்தும்.

ஆனால், பங்கு போடுவதற்கும் எல்லை உண்டு. எங்கள் 24 வீட்டில் சுமார் 120 பேர். வாளி நிறைய 12 நிமிடத்துக்கு மேல் ஆனால் ஆளுக்கு 20 லீற்றர்கூடக் கிடைக்காது. அந்த நிலையில் "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று யாரும் சொல்ல இடம் கொடுக்கக் கூடாது. 2018 திருத்தத்துக்குப் பிறகு பிரதேச சபை தோட்டத்துக்குள்ளும் சேவை செய்யச் சட்டம் இடம் தருகிறது. பவுசர் கேட்க வேண்டும். ஊற்றுக்கு மேலே மரம் வெட்டுவதையும் மருந்தடிப்பதையும் நிறுத்தும்படி நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். வாரா வாரம் எழுதிய வாளிக் கணக்குக் கொப்பி கையில் இருந்தால், "தண்ணீர் இல்லை" என்ற நம் வார்த்தையை எவரும் தட்டிக்கழிக்க முடியாது.

ஒருவர் வீட்டு ஹோஸை மட்டும் பிடுங்கினால் சண்டைதான் வரும். எல்லா ஹோஸையும் ஒரே நாளில் வெளியே எடுங்கள். முதல் வேலை அதுதான்.