பழைய போன் வாங்குறீங்களா? கீறலைப் பார்க்கும் முன் அந்த 15 இலக்கத்தைப் பாருங்க!

அரியலூரில் வேலை பார்க்கும் ஒருவர், பெரம்பலூர்க்காரர் விற்கும் செகண்ட் ஹேண்ட் போனை 9,000 ரூபாய்க்குப் பேசி முடித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பேருந்து நிலையம் பக்கத்து டீக்கடையில் இருவரும் சந்திக்கிறார்கள். டிஸ்ப்ளேயில் கீறல் இல்லை, கேமராவும் பளிச்சென்று இருக்கிறது. உடனே யுபிஐ-யில் பணம் போய்விடுகிறது. நம்மில் பலர் இப்படித்தான் வாங்குகிறோம். கீறல் இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். ஆனால் போன் திருட்டுப் பொருளாகவோ, லாக் ஆனதாகவோ இருந்தால் மொத்தப் பணமும் போச்சு. அதனால் 'இது யாருடைய போன்?' என்பதுதான் முதல் கேள்வி.

முதலில் ஒரு எஸ்எம்எஸ்

விற்பவரின் போனில் *#06# என்று டயல் செய்தால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண்கள். உங்கள் போனிலிருந்து KYM என்று டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு அனுப்புங்கள். இரண்டு எண்ணையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்திலும் இதே வசதி உண்டு.

பதிலில் Black-listed, Duplicate, Already in use என ஏதாவது வந்தால் வாங்காதீர்கள் என்பதே அத்துறையின் அறிவுரை. பலரும் கவனிக்காதது, பதிலில் வரும் கம்பெனி, மாடல் பெயர். கையில் இருப்பது ஒரு மாடல், எஸ்எம்எஸ் காட்டுவது வேறு மாடல் என்றால் எண்ணை மாற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

பில் ஏன் கட்டாயம்?

எஸ்எம்எஸ் இன்றைய நிலையை மட்டுமே சொல்லும். போனைத் தொலைத்தவர் நாளைதான் புகார் கொடுக்கிறார் என்றால்? அவர் சிஇஐஆர் அமைப்பில் பதிவு செய்ததும் அந்தப் போன் முடக்கப்படும். அதில் யாருடைய சிம் போடப்பட்டது என்ற தகவல் போலீஸுக்குப் போகும். அப்போது உள்ளே இருப்பது உங்கள் சிம்! திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை உண்டு.

எனவே ஐஎம்இஐ எண் உள்ள ஒரிஜினல் பில்லை வாங்கி, போனில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். விற்பவரின் அடையாள அட்டை நகலும், 'இந்த எண் உள்ள போனை இன்ன தேதியில் விற்றேன்' என்று ஒரு வரி எழுதிய கையெழுத்தும் கையில் இருக்கட்டும். 'பில் தொலைஞ்சு போச்சு' என்பவரிடம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

"ரீசெட் பண்ணிட்டேன் தம்பி"

இந்த வார்த்தையை நம்பிப் பணம் தராதீர்கள். "பரவாயில்லண்ணே, என் முன்னாடி இன்னொரு தடவை பண்ணுங்க" என்று சொல்லுங்கள். விற்பவர் முதலில் தன் கூகுள் கணக்கை நீக்கி, பிறகு செட்டிங்ஸுக்குள் போய் ரீசெட் செய்ய வேண்டும். கணக்கை நீக்காமல் பட்டனை அழுத்தி ரீசெட் செய்த போன், பழைய ஓனரின் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கும். ஐபோன் என்றால் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறியிருக்க வேண்டும்.

அடுத்து உங்கள் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, உங்கள் கணக்கைப் போட்டு, ஹோம் ஸ்கிரீன் வரும் வரை செட்டப்பை முடியுங்கள். தவணையில் வாங்கிய சில போன்களில் கடன் கொடுத்த நிறுவனத்தின் லாக் ஆப் இருக்கும். ரீசெட் செய்தாலும், நெட் கிடைத்ததும் அது திரும்ப வந்து உட்காரும். செட்டப்பின்போது This device belongs to your organization என்று வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். கடன் முடிந்து, அந்த நிறுவனம் லாக்கை எடுத்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

கடைசியில்தான் கண்டிஷன்

இவ்வளவும் சரி என்றால் இப்போது போனைத் திருப்பிப் பாருங்கள். உங்கள் சிம்மைப் போட்டு ஒரு கால் பேசுங்கள். உங்கள் சார்ஜரில் 10 நிமிடம் போட்டு, சார்ஜ் ஏறுகிறதா, அளவுக்கு மீறிச் சுடுகிறதா என்று கவனியுங்கள். ஐபோனில் பேட்டரி ஹெல்த் 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பேட்டரி மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். முழு வெள்ளைப் படம் ஒன்றைத் திறந்தால் டிஸ்ப்ளேயில் கோடும் கறையும் தெரிந்துவிடும்.

இதற்கெல்லாம் அரை மணி நேரம் போதும். 'வேற ஆள் கேட்கிறாங்க, சீக்கிரம் சொல்லுங்க' என்று விற்பவர் அவசரப்படுத்தினால், அந்த வேற ஆளுக்கே விட்டுவிடுங்கள். சோதனையெல்லாம் முடிந்து, பில் கைக்கு வந்த பிறகே யுபிஐ பின்னை அழுத்துங்க.